கடைசி நாள், நீலத்திரை, வாசலில் ஏழு பேர்: நான் எங்கே தவறினேன்?

முத்துநகர் நெட்சென்டர் | 29 பிப்ரவரி 2024, காலை 6.10

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்று எஸ்.எம்.பி.எஸ். போய் சர்வீஸில் கிடக்கிறது. மீதி இருப்பது எச்61 போர்டு போட்ட பழைய அசெம்பிள்டு மெஷின், விண்டோஸ் 10. ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் அதில்தான்.

குரூப் 4 விண்ணப்பத்துக்கு நேற்று, 28ஆம் தேதி, கடைசி நாள். அக்கா மகள் கல்யாணம் என்று ஞாயிறு மாலை கடையைப் பூட்டிவிட்டுப் போனவன் நேற்று சாயங்காலம் 6.20க்குத்தான் திறந்தேன். வாசலில் ஏழு பேர். மெயின் சுவிட்சைப் போட்டு மெஷினை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் `CMOS Checksum Bad` என்று ஒரு வரி. கீழே F1 அழுத்து, F2 அழுத்து என்று இரண்டு வரி. F2 அழுத்தினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, உடனே நீலத்திரை: `INACCESSIBLE_BOOT_DEVICE`. தானே ரீஸ்டார்ட் ஆகித் திரும்ப அதே. மூன்றாம் தடவை Automatic Repair என்று போய், பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, சரி செய்ய முடியவில்லை என்றது.

கடைசியில் மெஷின் எழுந்தபோது மணி 8.48. ஆறு பேருக்கு முடித்துவிட்டேன். ஏழாவது ஒரு பெண். 8.40 கடைசி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிட்டாள். எட்டு நிமிஷம்.

6.20க்கும் 8.48க்கும் நடுவில் நான் செய்ததில் எது வீண் வேலை என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். ஆறுதல் வேண்டாம்.

மானாவாரி | 29 பிப்ரவரி, காலை 7.02

INACCESSIBLE_BOOT_DEVICE என்றால் ஹார்டு டிஸ்க் போயாச்சு என்று அர்த்தம் அண்ணாச்சி. என் கடையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இப்போது ஓடினாலும் நம்பாதீர்கள். எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுங்கள். நேற்றே அதைச் செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

முத்துநகர் நெட்சென்டர் | 29 பிப்ரவரி, காலை 7.40

எனக்கும் முதலில் டிஸ்க் போச்சு என்றுதான் தோன்றியது. ஆனால் சரியானது டிஸ்கைத் தொட்டதால் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

6.35 முதல் 7.20 வரை Startup Repair மட்டுமே. இரண்டு தடவை ஓடவிட்டேன். பிறகு அதே நீலப் பக்கத்தில் Troubleshoot, Advanced options, Command Prompt என்று போய் `bootrec /fixmbr`, `bootrec /fixboot` அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் பென்டிரைவை எடுத்துச் சொருகி, புதிதாக ஏற்றலாமா என்று கைவைத்துவிட்டேன். சி டிரைவில் டெஸ்க்டாப்பிலேயே எல்லாருடைய போட்டோவும் கையெழுத்தும் கிடந்ததால் பயந்து நிறுத்தினேன். போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளவுக்குக் கொண்டுவந்து, பெயர் போட்டுத் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணுடையதும் அதில்தான்.

ஃபைலாவது மிஞ்சட்டும் என்று கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்தேன்:

```
diskpart
list volume
exit
dir d:\Users
notepad
```

சி என்று நினைத்தது அங்கே டி என்று வந்தது. `dir` அடித்ததும் என் பெயர் போட்ட ஃபோல்டர் வந்து நின்றதே, அப்போதுதான் மூச்சு வந்தது. நோட்பேடில் File, Open போய், கீழே All Files என்று மாற்றினால் டிஸ்கில் உள்ளது எல்லாம் தெரியும். வலது கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். காப்பி ஓடுவதாக ஒன்றும் காட்டாது, உறைந்துபோன மாதிரி நிற்கும். பேசாமல் காத்திருக்க வேண்டும். 7.50க்கு முழு ஃபோல்டரும் பென்டிரைவில் வந்துவிட்டது.

ஏற்கெனவே நிரந்தரப் பதிவு வைத்திருந்த மூன்று பேருக்கு என் போனிலேயே விண்ணப்பித்தேன். மற்ற நான்கு பேருக்கும் பதிவே புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் போட்டோ ஏற்ற வேண்டும்.

8.30க்குத்தான் கோவில்பட்டி சர்வீஸ் அண்ணன் போனை எடுத்தார். இரண்டே கேள்வி கேட்டார். நீலத்திரைக்கு முன்னால் F1 கேட்டதா? பயாஸில் என்ன தேதி காட்டுகிறது? உள்ளே போய்ப் பார்த்தேன். 2012, ஜனவரி 1. "அப்போ சாட்டா மோடைப் பாருப்பா" என்றார். IDE என்று இருந்தது. AHCI என்று மாற்றி F10 அழுத்தினேன். மெஷின் நேராக டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டது.

சால்டரிங் | 29 பிப்ரவரி, காலை 9.15

சர்வீஸ் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. இது டிஸ்க் கோளாறே இல்லை.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் குறைந்த அளவில் வட்டமான பேட்டரி இருக்கிறதே, சிஆர்2032, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. அது செத்தால் போர்டு தன் சொந்த அமைப்புக்குத் திரும்பிவிடும். உங்கள் போர்டின் சொந்த அமைப்பில் சாட்டா மோடு IDE. விண்டோஸை ஏற்றியவர் AHCI-இல் வைத்து ஏற்றியிருக்கிறார். விண்டோஸ் 10 தொடங்கும்போது, போன தடவை எந்த டிரைவர் மூலம் டிஸ்கைத் தொட்டதோ அதை மட்டும்தான் முதலில் ஏற்றும். மோடு மாறிவிட்டால் வாசல் மாறிவிட்டது, சாவி பழையது. டிஸ்க் நன்றாக இருந்தும் அதைத் தொட முடியாமல் நீலத்திரையில் நின்றுவிடும். ரிப்பேர் பக்கத்துக்குள் இருக்கும் சிறிய விண்டோஸில் இந்த இரண்டு மோடுக்கும் டிரைவர் உண்டு. அதனால்தான் அங்கே உங்கள் ஃபைல்கள் தெரிந்தன.

அந்த `dir` தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் இப்படிப் பளிச்சென்று பட்டியல் வராது. அடித்துவிட்டு அப்படியே தொங்கும், டக் டக் என்று சத்தம் கேட்கும், பயாஸிலேயே டிஸ்கின் பெயர் வந்தும் வராமலும் இருக்கும். பட்டியல் உடனே வந்தால் டிஸ்கை விட்டுவிட்டு, அதற்கு வழி சொல்லும் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். Startup Repair இதைக் கண்டுபிடிக்காது. அது பார்ப்பது விண்டோஸ் ஃபைல்களை, பயாஸை அல்ல. அந்த நாற்பத்தைந்து நிமிஷம் முழுவதும் வீண்.

மானாவாரி சொன்னது முழுத் தவறு இல்லை. டிஸ்க் போனாலும், கேபிள் தளர்ந்தாலும் அதே எழுத்துதான் வரும். ஆனால் அதற்கு முன்னால் செக்சம் வரி வந்திருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேட்டரிதான். இது என் அனுபவக் கணக்கு, எண்ணிப் பார்த்ததில்லை.

பச்சைமிளகாய் | 29 பிப்ரவரி, காலை 9.50

பேட்டரி விஷயத்தில் நானும் பட்டிருக்கிறேன். 150 ஏஎச் டியூபுலர் போட்டால் ஆறு மணி நேரம் கவலை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றணும், அதை மறந்தால்தான் தொல்லை.

சால்டரிங் | 29 பிப்ரவரி, காலை 9.58

அது இன்வெர்ட்டர் பேட்டரி தம்பி. இங்கே பேசுவது முப்பது, நாற்பது ரூபாய் பேட்டரி.

முத்துநகர் நெட்சென்டர் | 29 பிப்ரவரி, மதியம் 1.20

அப்படியென்றால் நான் F2 அழுத்தியதுதான் முதல் தவறா? அதில் default values என்று எழுதியிருந்ததைப் படிக்காமலே அழுத்தினேன். F1 அழுத்தியிருந்தால் பழைய அமைப்பு மிஞ்சியிருக்குமோ என்று காலையிலிருந்து அதுவே ஓடுகிறது.

சால்டரிங் | 29 பிப்ரவரி, மதியம் 1.45

இல்லை. செக்சம் கெட்டுவிட்டது என்று திரை சொல்லும்போதே பழைய அமைப்பு போய்விட்டது. F2 அழுத்தினால் சொந்த அமைப்போடு நேரே தொடங்கும். F1 அழுத்தினால் அதே அமைப்பைத் திறந்து காட்டும். F1-க்கு உள்ள ஒரே லாபம், பயாஸுக்குள் போய்த் தேதியையும் மோடையும் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அது சின்ன லாபம் இல்லைதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். போன சில வாரங்களில் காலையில் கடிகாரம் பின்தங்கி இருந்ததா?

முத்துநகர் நெட்சென்டர் | 29 பிப்ரவரி, மதியம் 2.05

இருந்தது. பொங்கலுக்குப் பிறகு நாலைந்து தடவை. ராத்திரி பத்தரைக்கு நின்ற மணியே காலையிலும் காட்டும். நான் கையால் திருத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். இன்டர்நெட் மெதுவாக இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

சால்டரிங் | 29 பிப்ரவரி, மதியம் 2.30

அதுதான் அறிகுறி. வோல்ட் இறங்கும்போது முதலில் கடிகாரம் தடுமாறும், அமைப்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். தினமும் கடை பூட்டும்போது மெயினை அணைக்கிறீர்கள், இல்லையா? சுவரில் கரண்ட் இருக்கும்வரை, மெஷின் ஷட்டவுனில் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் சிறு கரண்ட்டில் கடிகாரம் ஓடும். பேட்டரிக்கு வேலையே இல்லை. மெயினை அணைத்தால்தான் பேட்டரி தேயும். வீட்டு மெஷினில் ஏழெட்டு வருஷம் வரும் பேட்டரி கடை மெஷினில் சீக்கிரம் முடிவதற்கு இது ஒரு காரணம். உங்களுக்கு ஒரு ராத்திரியைத் தாங்கிய பேட்டரி மூன்று நாளைத் தாங்கவில்லை. மின்னலுக்குப் பயந்து மெயினை அணைப்பது சரிதான், அதை மாற்றச் சொல்லவில்லை.

மானாவாரி | 29 பிப்ரவரி, மாலை 4.10

சரி, டிஸ்க் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதி 2012 என்று இருந்தால் என்ன, நெட் வந்ததும் விண்டோஸ் தானே சரி செய்துகொள்ளுமே.

முத்துநகர் நெட்சென்டர் | 29 பிப்ரவரி, மாலை 4.35

செய்யவில்லை. டெஸ்க்டாப் வந்த சந்தோஷத்தில் குரோமைத் திறந்தால் `Your clock is behind` என்று நிற்கிறது. கீழே `NET::ERR_CERT_DATE_INVALID`. விண்ணப்பத் தளம் மட்டும் இல்லை, எதுவுமே திறக்கவில்லை. நெட் போச்சு என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அதில் நாலு நிமிஷம். பிறகுதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். கையால் மாற்றியதும் தளம் திறந்தது. அப்போது மணி 8.55.

சால்டரிங் | 29 பிப்ரவரி, மாலை 5.00

தளத்தின் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். 2012-இல் நிற்கும் மெஷினுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். தானே சரியாகும் என்று மானாவாரி சொன்னது சில நிமிஷம் பிசகினால் உண்மை. வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்தாது, வீட்டு மெஷினில் இயல்பான அமைப்பு அப்படித்தான். பன்னிரண்டு வருஷத்தைக் கையால்தான் தாண்ட வேண்டும். பயாஸில் மோடை மாற்றும்போதே தேதியையும் போட்டிருந்தால் இந்தச் சுற்று இல்லை.

பரமக்குடி டீச்சர் | 1 மார்ச் 2024, இரவு 9.20

எனக்கும் இதே மாதிரி நடந்தது, ஆனால் லேப்டாப்பில். சர்வீஸ் பையன் பயாஸில் ஏதோ மாற்றினான். அதிலிருந்து பிட்லாக்கர் என்று 48 இலக்க எண் கேட்கிறது. என்னிடம் அப்படி ஒரு எண் கிடையாது. பத்தாம் வகுப்பு வினாத்தாள் எல்லாம் உள்ளே. இதற்கும் AHCI மாற்றினால் போதுமா?

சால்டரிங் | 1 மார்ச், இரவு 10.05

மாற்றாதீர்கள் டீச்சர், உங்களுடையது வேறு விஷயம். டிஸ்க் பூட்டிக் கிடக்கிறது. லேப்டாப் வாங்கியபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அதே கணக்கில் போனிலிருந்து `account.microsoft.com/devices/recoverykey` போய்ப் பாருங்கள். பெரும்பாலும் எண் அங்கே இருக்கும். அது கிடைக்கும்வரை யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். பையன் மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்தாலும் சில சமயம் கேட்காமல் திறக்கும்.

அண்ணாச்சியின் பழைய போர்டில் இந்தப் பூட்டு இல்லாததால்தான் `dir` வேலை செய்தது. புது மெஷினில் நோட்பேடு வழி எப்போதும் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரமக்குடி டீச்சர் | 1 மார்ச், இரவு 10.40

எண் கிடைத்தது! மகன் கணக்கில் இருந்தது. நன்றி.

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஒன்று கேட்கலாமா? 7.50க்கே போட்டோ எல்லாம் பென்டிரைவில் வந்துவிட்டது, போட்டோ அளவும் சரியாக இருந்தது என்கிறீர்கள். அந்தப் பென்டிரைவை ஓடிஜி வைத்து போனில் சொருகியிருக்கலாமே? புதுப் பதிவையும் போனிலேயே செய்திருக்கலாம். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வேன்.

முத்துநகர் நெட்சென்டர் | 2 மார்ச் 2024, காலை 5.50

டீச்சர் கேட்டதை ராத்திரியே படித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை.

தோன்றவே இல்லை. பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாற்பது நிமிஷம் அண்ணன் போனை எடுப்பாரா என்று அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் எழுந்தால்தான் வேலை நடக்கும் என்று மனசு பூட்டிக்கொண்டது. எதிர்க் கடை மொபைல் ரீசார்ஜ் கடைதான். ஒன்பது வரை திறந்திருக்கும். ஓடிஜி அங்கே தொங்கும்.

அந்தப் பெண் நான் திறந்த நிமிஷத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில். ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. எட்டரைக்கு எழுந்து, "அண்ணா, பஸ் போயிரும்" என்றாள். நம்பரைக் கொடுத்துவிட்டுப் போ, நான் போட்டுவிடுகிறேன் என்றேன். 8.55க்குப் பிறகு அந்த நம்பருக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும். அவள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. நடுவில் மற்ற மூன்று பேர். ஒருவருக்குப் பணம் பிடித்துக்கொண்டு தளத்தில் கட்டவில்லை என்று காட்டியது. அதைத் திரும்பச் சரிபார்த்து, விண்ணப்பப் பிடிஎஃப் கையில் வந்தபோது மணி 11.31. அதன் பிறகும் 11.58 வரை அவள் நம்பரை அடித்தேன்.

மானாவாரி | 2 மார்ச், காலை 8.15

உங்கள் மேல் தவறு இல்லை அண்ணாச்சி. விண்ணப்பிக்க ஜனவரி 30 முதல் நாள் இருந்தது. கடைசி நாள் வரை விட்டது அவர்கள்தானே.

பரமக்குடி டீச்சர் | 2 மார்ச், காலை 8.50

அப்படிச் சொல்லிவிட முடியாது. பதிவுக் கட்டணம் 150, தேர்வுக் கட்டணம் 100. மாசக் கடைசியில் அதைப் புரட்டக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. சனிக்கிழமை போட்டோ எடுக்க வந்தவள் அப்போதே ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

முத்துநகர் நெட்சென்டர் | 2 மார்ச், காலை 9.30

சனிக்கிழமை நான்தான் சொன்னேன், "கூட்டமா இருக்கு, புதன்கிழமை வா, போட்டுக்கலாம்" என்று. முதலில் இதை எழுதியபோது அதை விட்டுவிட்டேன்.

முத்துநகர் நெட்சென்டர் | 5 மார்ச் 2024, இரவு 8.40

பேட்டரி மாற்றியாச்சு. பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்தால் 2.1 வோல்ட். புதியது மூன்றைத் தாண்டிக் காட்டுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கிறது, அதை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எகிறும். பிளஸ் பக்கம் மேலே பார்க்க வேண்டும். மாற்றியதும் அமைப்பு திரும்ப அழிந்தது, எதிர்பார்த்ததுதான். தேதி, AHCI இரண்டையும் போட்டேன்.

பயாஸில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கேபினட் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். பேட்டரி மாற்றிய தேதி மார்க்கரில். விண்ணப்ப ஃபைல்கள் இனி டெஸ்க்டாப்பில் இல்லை, டி டிரைவில். ராத்திரி பூட்டும் முன் ஒரு பென்டிரைவில் நகல். ஓடிஜி இரண்டு வாங்கி மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன்.

சால்டரிங் | 5 மார்ச், இரவு 9.10

பேட்டரியை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று கேட்பீர்கள். எனக்கே ஒரு முடிவு இல்லை. கடை மெஷின் என்றால் மூன்று வருஷம் என்பேன். இன்னொரு மெக்கானிக் செத்த பிறகு மாற்று என்பார். கடிகாரம் ஒருநாள் பின்தங்கினால் அன்றே மாற்று என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

பச்சைமிளகாய் | 6 மார்ச் 2024, காலை 7.00

இப்போதுதான் புரிந்தது. என் மெஷினைத் திறந்து பார்த்தேன், அந்த வட்டப் பேட்டரி மேல் தூசி ஒரு விரல் கனம். கடிகாரம் பதினொரு நிமிஷம் பின்னால் இருக்கிறது. மாற்றவா?

சால்டரிங் | 6 மார்ச், காலை 7.20

மாற்றுங்கள்.

முத்துநகர் நெட்சென்டர் | 30 ஏப்ரல் 2025, மாலை 6.30

பழைய இழையைத் தேடி எடுத்தேன். இந்த வருஷ அறிவிப்பு 25ஆம் தேதி வந்தது, மே 24 வரை நேரம். நேற்று அவள் ஊருக்கு பஸ் ஏறிப் போனேன். போன வருஷம் அவள் சொன்ன வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை என்றார். அவள் நம்பர் வாங்கிப் பேசினேன். எடுத்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

போட்டோ, கையெழுத்து இரண்டும் என்னிடம் இன்னும் இருக்கின்றன. பதிவைத் தொடங்கி, ஓடிபி வந்ததும் அவள் படித்துச் சொன்னாள், இரண்டு எண்ணை மாற்றிச் சொல்லி மறுபடி வாங்கினோம். பழைய போட்டோவைப் போடவா என்றேன். இல்லை, புதிதாக எடுத்து அனுப்புகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை லீவாம். அன்றைக்கு அனுப்புவாள்.